தூங்கும் லேப்டாப் மறப்பதில்லை

உங்கள் போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அதுவரை விரலை வைத்ததுமே திறந்துகொண்ட போன், இப்போது கைரேகை செல்லாது, பின் நம்பரைப் போடு என்று அடம்பிடிக்கும். பலருக்கு இது எரிச்சலூட்டும் ஒரு சின்ன சங்கதி. ஆனால் இதற்குள் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. போனில் உள்ள படங்களும் செய்திகளும் ஒரு ரகசியச் சாவியால் பூட்டப்பட்டிருக்கின்றன. போன் ஓடிக்கொண்டிருந்தவரை அந்தச் சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரீஸ்டார்ட் ஆனதும் போன் அதை மறந்துவிட்டது. கைரேகை ‘இவர் இன்னார்’ என்று மட்டும்தான் சொல்லும். சாவியை மறுபடி உண்டாக்கப் பின் நம்பர் வேண்டும்.

லேப்டாப்பிலும் இதே கதைதான். ஆனால் லேப்டாப்பை நாம் ரீஸ்டார்ட் செய்வதே அபூர்வம். வேலை முடிந்தால் மூடியைச் சாத்துகிறோம், பைக்குள் வைக்கிறோம், கிளம்புகிறோம். மறுநாள் திறந்தால் விட்ட இடத்திலேயே எல்லாம் காத்திருக்கிறது. பாதி எழுதிய மின்னஞ்சல்கூட அப்படியே இருக்கும். அந்தச் சௌகரியத்துக்குக் கொடுக்கும் விலைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். ‘டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறது, தொலைந்தாலும் கவலையில்லை’ என்று நம்பிக்கொண்டிருக்கும் லேப்டாப், மூடி சாத்தியிருக்கும் நேரம் முழுக்கத் தன் சாவியைத் தானே சுமந்துகொண்டு பைக்குள் கிடக்கிறது.

சாவி எங்கே இருக்கிறது?

டிஸ்க் என்க்ரிப்ஷன் என்றால், டிஸ்கில் எழுதப்படும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாவியைக்கொண்டு குழப்பி எழுதப்படுகிறது என்று பொருள். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. சாவி இல்லாமல் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் வெறும் குப்பைதான் தெரியும். இன்று பெரும்பாலும் பயன்படுவது ஏ.இ.எஸ். என்ற முறை. அதன் மிகச் சிறிய சாவியே 128 பிட் நீளம். குருட்டாம்போக்கில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பது உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் நடக்காத காரியம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் யாரும் பூட்டை உடைக்க முயல்வதில்லை. சாவியைத்தான் தேடுவார்கள்.

நீங்கள் போடும் கடவுச்சொல்லே அந்தச் சாவி அல்ல. கடவுச்சொல் ஒரு பெட்டியைத் திறக்கிறது. பெட்டிக்குள் இருப்பதுதான் டிஸ்கின் உண்மையான சாவி. கணினி ஓடும்போது டிஸ்கிலிருந்து நொடிக்கு எத்தனையோ முறை படிக்கவும் எழுதவும் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் உங்களிடம் கடவுச்சொல் கேட்க முடியாது. ஆகவே சாவியை எடுத்து, தற்காலிக நினைவகமான ரேமில் வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான லேப்டாப்களில் அது இருக்கும் இடம் அதுதான்.

ஸ்லீப்பில் போட்டால் என்ன ஆகிறது? திரை அணைகிறது, டிஸ்க் ஓய்கிறது, செயலி உறங்குகிறது அல்லது அரைத்தூக்கத்துக்குப் போகிறது. ரேமுக்கு மட்டும் மின்சாரம் தொடர்ந்து போகிறது. ரேமில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய ஒரு மின்தேக்கியில் தங்கும் துளி மின்னூட்டம். ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமான ரேமில் 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எல்லா வரிசைகளையும் படித்து மறுபடி நிரப்பிவிடுவார்கள். தூங்கும் லேப்டாப்பிலும் இந்தப் புதுப்பித்தல் நிற்காது. மூடியைத் திறந்ததும் உங்கள் மின்னஞ்சல் விட்ட இடத்தில் நிற்பது அதனால்தான். அதே ரேமில், அதே புதுப்பித்தலில், டிஸ்கின் சாவியும் பத்திரமாக இருக்கிறது.

ஷட்டவுன் செய்தால் ரேமுக்கு மின்சாரம் நிற்கிறது. குடம் வடிகிறது. சாவியும் அதோடு போய்விடுகிறது.

தலைகீழாகப் பிடித்த ஒரு ஸ்பிரே டப்பா

‘ரேமில் இருந்தால் என்ன? திரை பூட்டியிருக்கிறதே, யார் எடுப்பார்கள்?’ என்று கேட்கத் தோன்றும். 2008 வரை நிபுணர்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். மின்சாரத்தை நிறுத்தினால் ரேம் அந்தக் கணமே அழிந்துவிடும், யாரும் அதைத் தொடுவதற்குள் ஒன்றும் மிஞ்சாது என்பது பொதுவான நம்பிக்கை.

அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஹால்டர்மேன், நாடியா ஹெனிங்கர், எட்வர்ட் ஃபெல்டன் ஆகியோரும் வெளியிலிருந்து சேர்ந்த சில ஆய்வாளர்களும் இந்த நம்பிக்கையை உடைத்தார்கள். அவர்கள் செய்த ஒரு சோதனை கண்ணால் பார்க்கக்கூடியது. மோனாலிசா ஓவியத்தை ஒரு கணினியின் ரேமில் ஏற்றினார்கள். மின்சாரத்தை வெட்டினார்கள். 5 நொடி கழித்து மறுபடி மின்சாரம் கொடுத்து ரேமில் என்ன மிச்சமிருக்கிறது என்று படித்தார்கள். படத்தில் ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. 30 நொடி, 60 நொடி என்று இடைவெளியைக் கூட்டக் கூட்டப் பட்டை பட்டையாகப் படம் கரைந்தது. 5 நிமிட இடைவெளியில் பெரும்பகுதி போய்விட்டது. அதாவது ரேம் விளக்கைப் போலச் சட்டென அணைவதில்லை. அடுப்புக் கங்கு போல மெல்ல அவிகிறது.

சோதித்த கணினிகளில் ரேம் முழுக்க அழிய எடுத்துக்கொண்ட நேரம், சாதாரண வெப்பநிலையில், இரண்டரை நொடியிலிருந்து 35 நொடி வரை இருந்தது. இதை நீட்டிக்க அவர்கள் கையாண்ட வழி சாமானியமானது. விசைப்பலகையில் சேரும் தூசியை ஊதித்தள்ள, அழுத்தக் காற்று டப்பா என்று ஒன்று கடையில் கிடைக்கும். அதைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தினால் காற்றுக்குப் பதில் உள்ளிருக்கும் திரவமே பீய்ச்சியடிக்கும். அது பட்ட இடம் வெண்பனி பூத்து, மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் வரை குளிரும். அப்படிக் குளிரவைத்த ரேமைக் கணினியிலிருந்து கழற்றி 10 நிமிடம் மின்சாரமே இல்லாமல் வைத்திருந்தார்கள். கெட்டுப்போன பிட்டுகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வேறு கணினியில் மாட்டிச் சாவகாசமாகப் படிக்க அந்த நேரம் தாராளம்.

பல நேரம் கழற்றவே வேண்டியதில்லை. தூங்கும் லேப்டாப்பை எழுப்பி, சட்டென்று மின்சாரத்தை வெட்டி, உடனே கொடுத்து, விண்டோஸுக்குப் பதில் ஒரு யு.எஸ்.பி. டிரைவிலிருந்து மிகச் சிறிய ஒரு புரோகிராமைத் துவக்கினால் போதும். அது மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதில் ஒரு நுட்பம் உண்டு: துவங்கும் எந்த மென்பொருளும் ரேமில் கொஞ்ச இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அங்கே இருந்ததை அழித்துவிடும். சிறிய புரோகிராம் சிறிய இடத்தைத்தான் கெடுக்கும். மிச்சத்தை அப்படியே யு.எஸ்.பி.யில் நகலெடுத்துவிடும். திரைப்பூட்டு இந்தக் கதையில் எங்கும் குறுக்கே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். திரைப்பூட்டைக் காவல் காப்பது விண்டோஸ். விண்டோஸே ஓடாதபோது காவலும் இல்லை.

பெருக்கல் வாய்ப்பாட்டில் அழிந்த எண்

சரி, ரேமின் நகல் கையில் இருக்கிறது. கோடிக்கணக்கான பைட்டுகளுக்கு நடுவே 16 பைட் சாவியை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘இதுதான் சாவி’ என்று எங்கும் எழுதியிருக்காது. தவிர, சில பிட்டுகள் அழிந்தும் போயிருக்கும். ஒரே ஒரு பிட் தப்பானாலும் அந்தச் சாவி எதையும் திறக்காது.

இங்கேதான் கணினியின் வேகத்துக்காகச் செய்த ஒரு ஏற்பாடு அதற்கே பாதகமாகிறது. ஏ.இ.எஸ். முறை ஒரே சாவியை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. அந்த 16 பைட்டிலிருந்து கணக்குப் போட்டு, சுற்றுக்கு ஒன்றாக, மொத்தம் 11 குட்டிச் சாவிகளை உண்டாக்குகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடாமல் இருக்க, பதினொன்றையும் வரிசையாக ரேமில் வைத்துக்கொள்கிறார்கள். ஆக 176 பைட். ஒவ்வொரு குட்டிச் சாவியும் அதற்கு முந்தையதிலிருந்து குறிப்பிட்ட விதிப்படி பிறந்தது.

ஏழாம் வாய்ப்பாடு எழுதிய ஒரு பழைய தாள் கிடைக்கிறது என்று வையுங்கள். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று போகிறது. நடுவில் இரண்டு எண்களில் மை அழிந்திருக்கிறது. முதலில், அது வாய்ப்பாடு என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். ஏதோ தற்செயலாக எழுதிய எண்கள் இப்படி வரிசையில் நிற்காது. அடுத்து, அழிந்த எண்களை மற்றவற்றை வைத்தே நிரப்பிவிடலாம். பிரின்ஸ்டன் குழு செய்தது இதைத்தான். ரேம் நகலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்ந்துகொண்டே, ‘இந்த 176 பைட் ஒன்றுக்கொன்று விதிப்படி பொருந்துகிறதா?’ என்று பார்த்தார்கள். பொருந்தும் இடம் கிடைத்தால் அதுவே சாவி. பிட்டுகளில் பத்தில் ஒரு பங்கு அழிந்திருந்தாலும் சில நொடிகளில் முழுச் சாவியையும் மீட்க முடிந்தது.

பிட்லாக்கருக்காகவே எல்லாவற்றையும் தானாகச் செய்யும் ஒரு கருவியையும் அவர்கள் உருவாக்கினார்கள். 2 ஜி.பி. ரேம் உள்ள அன்றைய லேப்டாப் ஒன்றில், மின்சாரத்தை வெட்டியதிலிருந்து டிஸ்கின் கோப்புகள் திறந்து கிடக்கும் வரை ஆன நேரம் சுமார் 25 நிமிடம். இதில் யாரும் கடவுச்சொல்லை யூகிக்கவே இல்லை. நீங்கள் முப்பது எழுத்தில் கடவுச்சொல் வைத்திருந்தாலும், ‘1234’ என்று வைத்திருந்தாலும், தூங்கும் லேப்டாப்பில் இந்த வழிக்கு இரண்டும் ஒன்றே.

இன்றைக்கும் இது நடக்குமா?

பத்துப் பதினைந்து ஆண்டுகளில் லேப்டாப்கள் மாறிவிட்டன. பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது, கழற்ற முடியாது. ரேமில் எழுதுவதைக் கலைத்துப்போட்டு எழுதும் வழக்கமும் வந்தது, ஆனால் அது பாதுகாப்புக்காக வந்ததல்ல. அதைப் பிரித்தெடுக்கும் வழியை ஆய்வாளர்கள் பிறகு காட்டிவிட்டார்கள். ரேம் முழுவதையுமே செயலிக்குள் இருக்கும் ஒரு சாவியால் பூட்டும் சிப்புகளும் இப்போது உண்டு. அந்த வசதி இயங்கும் லேப்டாப்பில் ரேமைக் குளிரவைத்துப் பயனில்லை.

இன்னொரு தடுப்பும் வந்தது. கணினி ஒழுங்காக அணையாமல் திடீரென்று ரீபூட் ஆனால், துவங்கும்போது முதல் வேலையாக ரேமை முழுக்கத் துடைத்துவிட வேண்டும் என்ற ஏற்பாடு அது. துடைக்க வேண்டுமா என்பதைக் குறிக்கும் அடையாளம் போர்டில் உள்ள ஒரு நிலைநினைவுச் சிப்பில் இருக்கும். 2018 செப்டம்பரில் ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனத்தைச் சேர்ந்த ஓலே செகர்டால், பாசி சாரினென் ஆகியோர், லேப்டாப்பைத் திறந்து அந்த அடையாளத்தை மாற்றி எழுதிவிட்டால் துடைக்கும் வேலையே நடக்காது என்று செய்துகாட்டினார்கள். பிறகு பழைய வழி மறுபடி பலித்தது. அவர்கள் சொன்ன தீர்வும் எளிமையானது: ஸ்லீப் வேண்டாம், ஹைபர்னேட் அல்லது ஷட்டவுன் செய்யுங்கள், துவங்கும்போது பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள்.

குளிரவைக்கும் வித்தையை விட்டுவிட்டாலும் தூங்கும் லேப்டாப்பின் பலவீனம் தீராது. அது கையில் கிடைத்தவர் அவசரப்படத் தேவையில்லை. சார்ஜரில் செருகிவைத்தால் போதும். சாவி நாள்கணக்கில் ரேமிலேயே இருக்கும். திரைப்பூட்டில் ஏதாவது ஓட்டை வெளிப்படும்வரை காத்திருக்கலாம். ரேமை நேரடியாகத் தொடும் போர்ட் வழியாக முயலலாம். 2020-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் ரைட்டன்பர்க், தண்டர்போல்ட் போர்ட் உள்ள, ஸ்லீப்பில் இருந்த லேப்டாப் ஒன்றின் திரைப்பூட்டைச் சில நிமிடங்களில் தாண்டிக் காட்டினார். அதற்குமுன் வந்திருந்த ஒரு தடுப்பு இருந்த கணினிகளில் அது பெரும்பாலும் பலிக்கவில்லை. ஆனால் அந்தத் தடுப்பு இல்லாத கணினிகளும் ஏராளமாகப் புழக்கத்தில் இருந்தன. ஓட்டை ஒவ்வொன்றும் வேறு வேறு. எல்லாமே நம்பியிருப்பது சாவி உள்ளே இருக்கிறது என்ற ஒன்றைத்தான்.

ரயிலில் பையைத் தூக்கும் திருடனுக்கு இந்த வேலையெல்லாம் தெரியாது, தேவையுமில்லை. டிஸ்கை அழித்துவிட்டு லேப்டாப்பை விற்கத்தான் பார்ப்பான். கோப்புகளுக்காகவே உங்கள் லேப்டாப்பைத் தேடும் ஒருவர் இருக்கக்கூடும் என்றால்தான் இது கவலைக்குரியது. பத்திரிகையாளர், வழக்கறிஞர், நோயாளிகளின் விவரம் வைத்திருக்கும் மருத்துவர், கம்பெனிக் கணக்கைச் சுமந்து பயணம் செய்பவர் ஆகியோர் அந்த வரிசையில் வருகிறார்கள்.

ஷட்டவுன் செய்தும் பயனில்லாத லேப்டாப்

இதுவரை படித்துவிட்டு இன்று முதல் ஷட்டவுன் செய்யத் துவங்கினாலும், விண்டோஸ் பயன்படுத்துபவர்களில் பலருக்கு அது பாதிப் பலன்தான் தரும். காரணம் டி.பி.எம். என்ற சிப்.

உங்கள் லேப்டாப்பை முழுக்க அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். விண்டோஸின் லாகின் திரை வரும்வரை உங்களிடம் எதுவுமே கேட்கவில்லை என்றால், ஒரு கேள்வி எழ வேண்டும்: பூட்டிய டிஸ்கிலிருந்து விண்டோஸ் எப்படித் துவங்கியது? டி.பி.எம். சிப், துவங்கும் மென்பொருளை யாரும் மாற்றவில்லை என்று சரிபார்த்துவிட்டுச் சாவியைத் தானாகவே கொடுத்துவிடுகிறது. லாகின் திரை வரும்போதே சாவி ரேமுக்கு வந்துவிட்டது. திருடியவரும் பவர் பட்டனை அழுத்தி அதே இடத்துக்கு வரலாம். இந்த அமைப்பில் ஸ்லீப்புக்கும் ஷட்டவுனுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. பிரின்ஸ்டன் குழு 2008-லேயே இதைச் சுட்டிக்காட்டியிருந்தது.

மாறாக, விண்டோஸ் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பின் நம்பரோ கடவுச்சொல்லோ கேட்கும் லேப்டாப்பில், நீங்கள் அதைத் தட்டும்வரை சாவி ரேமுக்கு வருவதே இல்லை. ஷட்டவுனின் பலம் முழுதாகக் கிடைப்பது இங்கேதான். லினக்ஸில் லக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக இப்படித்தான் கேட்கும். அண்மைக்கால மேக்குகளில் சாவியைத் தனிச் சிப்பகுதியே வைத்துக்கொள்கிறது, சாதாரண ரேமுக்கு அது வருவதில்லை. ஆனாலும் தூங்கும் மேக்கில் டிஸ்க் திறந்த நிலையில்தான் இருக்கிறது.

உங்களுடையது எந்த வகை என்று விண்டோஸிலேயே பார்க்கலாம். கட்டளைத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
manage-bde -protectors -get C:
```

விடையில் `TPM And PIN` என்று இருந்தால் நல்லது. வெறும் `TPM` என்றும் அதோடு மீட்பு எண்ணும் மட்டும் இருந்தால், சாவி தானாகவே வந்துவிடும் வகை. விண்டோஸ் புரோ பதிப்பில் துவக்கப் பின் நம்பரை அமைத்துக்கொள்ளலாம். ஹோம் பதிப்பில் இந்த வசதி இல்லை.

நடுவில் ஒரு வழி

ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மூடிவிட்டு அணைப்பது பலருக்கு முடியாத காரியம். அவர்களுக்காக இருப்பது ஹைபர்னேட். ரேமில் இருப்பதை எல்லாம் டிஸ்கில் ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டு, மின்சாரத்தை முழுக்க நிறுத்திவிடும். திறக்கும்போது கோப்பிலிருந்து ரேமுக்கு மறுபடி ஏற்றிக்கொள்ளும். விட்ட இடமும் கிடைக்கிறது, ரேமும் வெறுமையாகிறது. பிட்லாக்கர் போட்ட `C:` டிரைவில் அந்தக் கோப்பும் பூட்டுக்குள்ளேயே இருக்கும். உங்கள் லேப்டாப்பில் எந்தெந்தத் தூக்கம் உண்டு என்று பார்க்கவும், உடனே ஹைபர்னேட் செய்யவும் இவை:

```
powercfg /a
shutdown /h
```

பட்டியலில் ஹைபர்னேட் இல்லையென்றால் `powercfg /h on` என்று தட்டி இயக்கலாம். மூடியைச் சாத்தினால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் ஆகும்படி பவர் அமைப்புகளில் மாற்றிவைப்பது இன்னும் நல்லது. ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை மிச்சம்.

ஹைபர்னேட்டில் ஒரு பொறி இருக்கிறது. ரேமை டிஸ்கில் எழுதும்போது அதிலுள்ள சாவியும் சேர்ந்தே எழுதப்படுகிறது. எழுதும் இடம் பூட்டப்படாததாக இருந்தால்? வீட்டு டிஸ்க் முழுவதையும் பூட்டாமல், ஒரு பென் டிரைவையோ ஒரு கோப்புறையையோ மட்டும் வேராகிரிப்ட் மாதிரியான மென்பொருளால் பூட்டியிருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். அதைத் திறந்து வைத்தபடியே ஹைபர்னேட் செய்தால், சாவி பூட்டில்லாத டிஸ்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரேமிலாவது மின்சாரம் போனால் அழியும்; டிஸ்கில் அப்படியே கிடக்கும். லினக்ஸில் ஸ்வாப் பகுதியைப் பூட்டாமல் விட்டவர்களுக்கும் இதே கதிதான். `lsblk` என்று தட்டிப் பாருங்கள். `[SWAP]` என்ற வரியின் வகை `crypt` என்றிருக்க வேண்டும், அல்லது அது `crypt` வரிக்குக் கீழே கிளையாக வர வேண்டும். இல்லையென்றால் ஹைபர்னேட் உங்களுக்கு ஸ்லீப்பைவிட மோசம்.

கடைசியாக ஒரு சின்னக் கவனிப்பு. அணைத்ததும் ஓரிரு நிமிடம் லேப்டாப் உங்கள் பார்வையிலேயே இருக்கட்டும். மோனாலிசா கரைய அவ்வளவு நேரம் ஆனது.

போன் செய்யும் நிறுவனங்கள் இந்த விஷயத்தில் நம்மை நம்புவதை விட்டுவிட்டன. 2024-ல் ஐபோனில் ஓர் ஏற்பாடு வந்தது: மூன்று நாள் யாரும் திறக்காமல் பூட்டியே கிடந்தால், போன் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். மறு ஆண்டு ஆண்ட்ராய்டிலும் அதே மூன்று நாள் கணக்கு வந்தது. உரியவர் கையில் இல்லாமல் எங்கோ சார்ஜரில் கிடக்கும் போன், தன் சாவியைத் தானே மறந்துவிடுகிறது. பைக்குள் தூங்கும் லேப்டாப்புக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. அதுவரை அதன் சார்பில் பவர் பட்டனை நாம்தான் அழுத்த வேண்டும்.